குறுக்கு விசாரணை (மாதிரி வழக்காடல்)

குறுக்கு விசாரணை என்பது ஒரு தரப்பினர் அழைத்த சாட்சியை, முதல் விசாரணை முடிந்தபின், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினவுவதாகும். அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் நடைபெறும் மாதிரி வழக்காடல் போட்டிகளில் மாணவர்களே வழக்கறிஞர்களாகவும் சாட்சிகளாகவும் பங்கேற்று இதனைப் பயில்கின்றனர்.

விடை உணர்த்தும் வினா

தான் எதிர்பார்க்கும் விடையைத் தன்னுள்ளேயே கொண்ட வினா விடை உணர்த்தும் வினா எனப்படும். "எங்கே நின்றீர்கள்?" என்பது திறந்த வினா. "நீங்கள் 150 அடி தொலைவில் நின்றீர்கள், அல்லவா?" என்பது விடை உணர்த்தும் வினா. முதல் விசாரணையில் சாட்சி தம்மை அழைத்த வழக்கறிஞரின் சொற்களையே திருப்பிச் சொல்லிவிடக்கூடும் என்பதால் இவ்வினாக்கள் பொதுவாக அங்கு அனுமதிக்கப்படுவதில்லை. எதிர்த்தரப்பின் கூற்றைச் சாட்சி எளிதில் ஏற்கமாட்டார் ஆதலால், குறுக்கு விசாரணையில் இவற்றுக்கு இடமுண்டு.

ஆர்ம்ஸ்ட்ராங் வழக்கு

1858 மே மாதம் இலினாய் மாநிலத்தின் பியர்ட்ஸ்டவுன் நகரில் நடந்த கொலை வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட டஃப் ஆர்ம்ஸ்ட்ராங்கிற்காக ஆபிரகாம் லிங்கன் வாதாடினார். 1857 ஆகஸ்ட் 29 இரவு ஏறத்தாழ 11 மணிக்கு, சுமார் 150 அடி தொலைவிலிருந்து, நிலவொளியில் தாக்குதலைக் கண்டதாகச் சார்லஸ் ஆலன் என்பவர் சாட்சியம் அளித்தார். லிங்கன் உடனே மறுக்கவில்லை. நேரம், தொலைவு, நிலவொளி ஆகியவற்றை ஆலன் வாயாலேயே உறுதிசெய்வித்தார். அதன் பின்னரே பஞ்சாங்கத்தைக் காட்டினார். அந்நேரத்தில் நிலவு வானில் தாழ்ந்து, மறையும் நிலையில் இருந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் விடுதலையானார்.

பஞ்சாங்கம் முதலிலேயே காட்டப்பட்டிருந்தால், ஆலன் தொலைவைக் குறைத்தோ, வேறு வெளிச்சம் இருந்ததாகக் கூறியோ தப்பியிருக்க இயலும்.

மாதிரி வழக்காடலில் பயன்பாடு

போட்டியில் பஞ்சாங்கத்தின் இடத்தைப் பெறுவது, வழக்குக் கோப்பில் உள்ள சாட்சியின் எழுத்து வாக்குமூலமாகும். சாட்சி "முகத்தைத் தெளிவாகக் கண்டேன்" என்கிறார். வாக்குமூலத்திலோ "உருவம் மட்டுமே தெரிந்தது" என்றுள்ளது எனக் கொள்வோம். வினாக்கள் பின்வரும் வரிசையில் அமையும்:

1. "முகத்தைத் தெளிவாகக் கண்டதாக இன்று கூறினீர்கள், அல்லவா?"
2. "நிகழ்ச்சிக்குப் பின் வாக்குமூலம் அளித்தீர்கள், அல்லவா?"
3. "அதனைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டீர்கள், அல்லவா?"
4. "அதில் 'உருவம் மட்டுமே தெரிந்தது' என்று உள்ளது, அல்லவா?"

ஒவ்வொரு வினாவும் ஒரே ஒரு செய்தியைக் கொண்டிருத்தல் வேண்டும். இரண்டு செய்திகள் இணைந்தால், "இல்லை" என்ற விடை எதனை மறுக்கிறது என்பது தெளிவாகாது. நான்காம் வினாவுக்குப் பின் "ஏன் இந்த வேறுபாடு?" என வினவுவதே மாணவர்கள் பெரிதும் செய்யும் பிழையாகும். அது சாட்சிக்கு விளக்கம் கூற வாய்ப்பளிக்கும். முரண்பாட்டின் பொருளை இறுதி வாதத்தில் எடுத்துரைப்பதே முறை.

வரம்பு

முரண்பாடு வெளிப்படுவதால் மட்டும் சாட்சி பொய்யர் என்பது நிறுவப்படுவதில்லை, மறதியும் காரணமாகலாம். மறுவிசாரணையில் அழைத்த தரப்பு அதற்கு விளக்கம் பெற முயலும். எனவே வழக்கின் முடிவைப் பாதிக்காத சிறு வேறுபாடுகளைத் தவிர்த்து, சாட்சியால் உண்மையில் காண இயன்றதா என்பது போன்ற அடிப்படைச் செய்திகளிலேயே வினாக்கள் அமைக்கப்படுகின்றன.