டீச்சருக்கு ஒரு நிமிட வீடியோ

பழைய ஆசிரியருக்கு நன்றி வீடியோ எடுப்பவர்கள் பலர் ‘நீங்கள் தெய்வம்’ என்றே தொடங்குகிறார்கள். எதற்காக நன்றி என்பது கேட்பவருக்குக் கடைசிவரை தெரிவதில்லை. நிலைத்து நின்ற ஒரே பாடத்தை எடுத்துக்கொள்வதே சரி. முதலில் பெயரும் படித்த வருடமும் வகுப்பும் வேண்டும். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர் அவர். அடுத்து நேரே பாடம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு மாணவி இப்படிப் பேசலாம்:

“டீச்சர், 3x + 5 = 20 கணக்குல x = 5-னு எழுதி நோட்டை நீட்டினேன். ‘விடையைத் திரும்ப உள்ள போட்டுப் பாரும்மா’ன்னீங்க. மூவஞ்சு பதினஞ்சு, அஞ்சு சேர்த்தா இருபது. இன்னிக்கு 5 மில்லியில 250 மில்லிகிராம் இருக்கிற சிரப். குழந்தைக்கு டாக்டர் எழுதினது 150 மில்லிகிராம். 3 மில்லின்னு விடை வந்ததும் திருப்பிப் போட்டுப் பாக்கறேன்: மில்லிக்கு 50, மூணுக்கு 150. அப்புறம்தான் பாட்டிலைக் கொடுப்பேன்.”

எழுதியதைப் பேச்சு வழக்கிலேயே வைத்து, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் எழுத்துநடை ஒட்டியிருக்கும், அதை மாற்றுங்கள். வேறு எந்த ஆசிரியருக்கும் பொருந்தக்கூடிய வரி இருந்தால் அடித்துவிடுங்கள். தாளை கேமராவுக்குச் சற்றுக் கீழே ஒட்டினால் பார்வை பக்கவாட்டில் ஓடாது.