"களவெடுத்த காசைத் தாங்க": ஒரு வங்கி முறைப்பாட்டைத் திருத்தி எழுதிய கதை

கடந்த ஜனவரி மாதம் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு, எனது ராத்தாவிடமிருந்து வட்ஸ்அப்பில் தொடர்ந்து ஐந்து செய்திகள் வந்தன. வங்கிக்கு அனுப்புவதற்காக அவர் எழுதியவை அவை. அனுப்ப முன்னர் எழுத்துப் பிழை பார்த்துத் தருமாறு என்னிடம் கேட்டிருந்தார்.

முதலாவது செய்தி இப்படி இருந்தது: "எண்ட கணக்கிலிருந்து மூணு தரம் களவெடுத்திருக்கீங்க. நான் தையல் தைச்சி சேத்த காசு. ஏழைகள்ற காசுல வங்கி நடத்துறீங்களா? மறுமையில பதில் சொல்லணும்."

ஐந்தாவது இன்னும் சூடானது. "நாளைக்கே காசு வராட்டி பேஸ்புக்கில போடுவேன்" என்று முடிந்திருந்தது.

அவரது கோபத்தில் நியாயம் இருந்தது. ஏ.ரி.எம். அட்டை வேண்டாம் என்று 2023 மார்ச் மாதமே கிளைக்குச் சென்று ஒப்படைத்துவிட்டு வந்தவர் அவர். பிறகும் அட்டைக்கான வருடாந்தக் கட்டணம் வெட்டப்பட்டதாகத் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் அந்த ஐந்து செய்திகளையும் வாசித்து முடித்த பின்னரும் எனக்குச் சில விடயங்கள் தெரியவில்லை. எந்தக் கணக்கு? எந்தத் திகதி? எவ்வளவு? எதற்காக? வங்கியில் அதை வாசிக்கும் உத்தியோகத்தருக்கும் தெரியப் போவதில்லை. அவர் "தயவுசெய்து கிளைக்கு வருகை தரவும்" என்று ஒரு வரியில் பதில் எழுதி முடித்துவிடுவார். "பிழை பார்க்க ஒன்றுமில்லை ராத்தா, நாளைக்குச் சேமிப்புப் புத்தகத்தோடு வாங்க, ஆரம்பத்திலிருந்து எழுதுவோம்" என்று பதில் அனுப்பினேன்.

மறுநாள் புத்தகத்தில் புதிதாகப் பதிவு செய்துகொண்டு வந்தார். ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். அவர் சொன்னது போலவே மூன்று வெட்டுகள் இருந்தன. 2024 ஜனவரி 10இல் 600 ரூபா, 2024 ஜூலை 1இல் 300 ரூபா, 2025 ஜனவரி 10இல் 600 ரூபா. மொத்தம் 1,500 ரூபா.

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நேரே CARD ANNUAL FEE என்றிருந்தது. நடுவில் உள்ளதற்கு நேரே SMS ALERT CHG. "குறுஞ்செய்தி வரணும் எண்டு நீங்க எங்கயாவது ஒப்பம் வச்சீங்களா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஓம், போன வருஷம் நானேதான் கேட்டு வாங்கின" என்றார்.

ஆக, அந்த 300 ரூபா பிழையான கட்டணம் அல்ல. அவர் கேட்டு வாங்கிய சேவைக்கானது. இந்த இடம் முக்கியமானது. மூன்றையும் களவு என்று எழுதி அனுப்பியிருந்தால், வங்கிக்குப் பதில் சொல்ல மிகவும் இலகுவாகியிருக்கும். அவர்கள் குறுஞ்செய்திக் கட்டணத்தை மட்டும் எடுத்து, "இது உங்கள் சம்மதத்துடன் அறவிடப்பட்டது" என்று படிவத்தின் பிரதியையும் காட்டியிருப்பார்கள். உண்மையான இரண்டு பிழைகளும் அதன் பின்னால் மறைந்து போயிருக்கும். ஒரு பலவீனமான கோரிக்கை பலமான கோரிக்கைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். எனவே 1,500ஐ 1,200 ஆகக் குறைத்தோம்.

அடுத்தது அத்தாட்சி. அட்டையை ஒப்படைத்த அன்று, கிளையின் முத்திரையிட்ட படிவப் பிரதியை ராத்தாவின் மகள் தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தாள். அதில் 2023 மார்ச் 14 என்ற திகதி தெளிவாகத் தெரிந்தது. அந்தப் படம் இல்லாதிருந்தால் நாம் வேறு விதமாக எழுதியிருக்க வேண்டும்: ஒப்படைத்த மாதத்தையும் கிளையையும் குறிப்பிட்டு, அட்டை எப்போது இரத்துச் செய்யப்பட்டது என்பதைத் தமது பதிவேட்டில் பரிசீலிக்குமாறு கேட்பதுதான் அப்போதுள்ள வழி. ஞாபகத்தில் இல்லாத ஒரு திகதியை உறுதியாக எழுதிவிட்டால், அது பிழையாகும்போது முறைப்பாடே பிழை என்றாகிவிடும்.

பிறகு பழைய செய்திகளை எடுத்து ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: இதை வங்கியால் தனது பதிவுகளில் சரிபார்க்க முடியுமா? "தையல் தைச்சி சேத்த காசு" உண்மை, ஆனால் சரிபார்க்க முடியாது. "களவு" என்பது நோக்கம் பற்றிய குற்றச்சாட்டு. அது கணினியில் ஏற்பட்ட தவறா, வேண்டுமென்று செய்ததா என்பது நமக்குத் தெரியாது. மறுமை பற்றிய வரியை வாசிக்கப் போகிறவர் அந்தக் கட்டணத்தை வெட்டியவரும் அல்லர். பேஸ்புக் மிரட்டலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்து எங்கே செல்வோம் என்பதை அமைதியாக ஒரு வரியில் எழுதினோம். இறுதியில் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு மின்னஞ்சலில் சென்றது இதுதான்:

"விடயம்: இரத்துச் செய்யப்பட்ட அட்டைக்கு அறவிடப்பட்ட வருடாந்தக் கட்டணம் ரூபா 1,200ஐ மீளச் செலுத்துதல் (சேமிப்புக் கணக்கின் இறுதி நான்கு இலக்கங்கள் 4417)

மேற்படி கணக்குக்கான ஏ.ரி.எம். அட்டையை 2023.03.14 அன்று உங்கள் கிளையில் ஒப்படைத்து இரத்துச் செய்தேன். முத்திரையிடப்பட்ட படிவத்தின் பிரதியை இணைத்துள்ளேன்.

அதன் பின்னர் CARD ANNUAL FEE எனும் பெயரில் 2024.01.10 அன்று ரூபா 600உம், 2025.01.10 அன்று ரூபா 600உம் அறவிடப்பட்டுள்ளன. சேமிப்புப் புத்தகத்தின் உரிய பக்கங்களையும் இணைத்துள்ளேன்.

இவ்விரு தொகைகளையும் எனது கணக்கில் மீள வரவு வைக்குமாறும், இனிமேல் இக்கட்டணம் அறவிடப்படாதிருப்பதை எழுத்தில் உறுதிப்படுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இம்முறைப்பாட்டுக்கான தொடர்பு இலக்கத்தை அறியத்தரவும். 14 நாட்களுக்குள் பதில் கிடைக்காதவிடத்து இலங்கை மத்திய வங்கிக்கு அறிவிக்க எண்ணியுள்ளேன்."

கீழே பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம். முழு அட்டை இலக்கத்தையோ இரகசிய இலக்கத்தையோ எழுதவில்லை. முறைப்பாட்டை விசாரிக்க அவை தேவையே இல்லை. யாராவது அவற்றைக் கேட்டால் அவர் வங்கிக்காரர் அல்லர் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

இதில் ராத்தா விரும்பாத வரி ஒன்று இருந்தது. "இனிமேல் அறவிடப்படாதிருப்பதை" என்பது எதற்கு, காசு வந்தால் போதாதா என்றார். ஒரே பிழை இரண்டு வருடங்கள் ஒரே திகதியில் நடந்திருக்கிறது. கணினியில் அந்த அட்டை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதைத் திருத்தாமல் விட்டால் அடுத்த ஜனவரியிலும் 600 ரூபா போகும்.

தொடர்பு இலக்கம் கேட்டதற்கும் காரணம் உண்டு. மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடம் (தொலைபேசி 1935) செல்வதானால், முதலில் உரிய வங்கியிடம் முறைப்பாடு செய்திருக்க வேண்டும். நிதியியல் ஒம்புட்ஸ்மனிடம் செல்வதற்கும் அதுவே ஒழுங்கு. கவுண்டரில் சத்தம் போட்டுவிட்டு வந்தவரிடம் அங்கே காட்ட ஒன்றும் இருக்காது. திகதியும் இலக்கமும் உள்ள ஒரு மின்னஞ்சல் இருந்தால், அதையே அப்படியே மேலே அனுப்பலாம், புதிதாக எழுதவும் தேவையில்லை.

எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அட்டை இரத்தான விபரம் கட்டணப் பதிவில் இற்றைப்படுத்தப்படவில்லை என்றும், இப்போது திருத்தப்பட்டுள்ளது என்றும் எழுதியிருந்தார்கள். அன்று பின்னேரமே 1,200 ரூபா வரவானதாகக் குறுஞ்செய்தி வந்தது. அந்த 300 ரூபா சேவைதான் அதையும் அறிவித்தது.

ராத்தா செய்தியை இரண்டு தரம் வாசித்தார். "காசு வந்திட்டு, சரி. ஆனா தம்பி, களவெடுத்தீங்க எண்டு நீ ஒரு இடத்திலயும் எழுதல்லயே" என்றார்.

"அந்த அஞ்சு செய்தியும் என்னிடம்தானே ராத்தா வந்தது, நான் வாசிச்சிட்டேன்" என்றேன்.