கடைசி வரிசைக்கு எந்த எழுத்து எட்டும்?

கடைசி வரிசை திரையிலிருந்து 20 மீட்டர் என்போம். நல்ல பார்வையுள்ள கண்ணும் அந்தத் தொலைவில் சுமார் 3 செ.மீ. உயர எழுத்தைத்தான் அடையாளம் காணும். அது எல்லை. சிரமமின்றிப் படிக்க இரு மடங்காவது, அதாவது 6 செ.மீ., வேண்டும்.

திரையின் உயரம் 2 மீட்டர் என்போம். 6 செ.மீ. அதில் 3 சதவீதம். பவர்பாயின்ட் ஸ்லைடின் உயரம் 540 பாயின்ட்; அதில் 3 சதவீதம் 16 பாயின்ட். ஆனால் எழுத்தின் உடல், எழுத்துரு அளவில் ஏறக்குறையப் பாதிதான். ஆகவே 32 பாயின்ட் வைக்க வேண்டும். தமிழில் இதைக் குறைக்கவே கூடாது: ‘ணி’, ‘னை’ போன்றவற்றின் சுழிகள்தான் முதலில் அடைபடும்.

நிறத்தைக் கெடுப்பது அரங்கின் விளக்கு. புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. விளக்கொளி விழுந்த வெறும் திரைதான் அதன் கறுப்பு. வெள்ளையின் ஒளி 100, விளக்கொளி 20 என்றால், வெள்ளை 120, கறுப்பு 20: ஆறு மடங்கு வேறுபாடு, போதும். நீலத்தின் மேல் சிவப்போ? சிவப்பு சுமார் 21, நீலம் 7. விளக்கொளியும் சேர்ந்தால் 41, 27. ஒன்றரை மடங்குதான். மடிக்கணினியில் பளிச்சென்று தெரிந்த தலைப்பு அரங்கில் மங்குவது இதனால்தான்.

அளவை வீட்டிலேயே சோதிக்கலாம். கடைசி இருக்கை திரை உயரத்தைப் போல் பத்து மடங்கு தள்ளியிருக்கிறது. மடிக்கணினியில் ஸ்லைடு 18 செ.மீ. உயரம் என்றால் 1.8 மீட்டர் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். நிறத்தை மட்டும் அரங்கிலேயே, விளக்குகளைப் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டும்.