முதல் மடக்குத் தண்ணீருக்கு முன்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரின் உதடு காய்ந்திருப்பதைப் பார்த்தால், வீட்டார் உடனே தண்ணீர் கொடுக்கத்தான் நினைப்பார்கள். ஆனால் நோயாளி விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தில் அந்த மூடல் தாமதப்படலாம். நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுகிறோம். சில நோயாளிகளுக்கு அந்த இருமலே வராது. தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

அதனால்தான் வாய்வழி எதையும் கொடுக்கும் முன் நர்ஸ் படுக்கையருகிலேயே ஒரு சோதனை செய்கிறார். இதற்குப் பல முறைகள் உண்டு. ஆஸ்திரியாவின் குகிங் ஊர் மருத்துவமனையில் உருவாகி 2007-இல் வெளியான 'கஸ்' சோதனை அவற்றில் ஒன்று. மொத்தம் 20 மதிப்பெண்.

முதல் ஐந்து மதிப்பெண்ணுக்கு உணவே தேவையில்லை. நோயாளி 15 நிமிடமாவது விழிப்பாக இருக்கிறாரா, சொன்னால் இருமுகிறாரா, தன் எச்சிலை விழுங்குகிறாரா, எச்சில் ஒழுகுகிறதா, குரல் கரகரக்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் ஒன்று குறைந்தாலும் சோதனை அங்கேயே நிற்கும்.

அடுத்து, பலர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, தண்ணீருக்கு முன்பு கெட்டியாக்கிய நீர்தான் வரும். அது மெதுவாக நகர்வதால் தொண்டைக்குச் சற்று அவகாசம் கிடைக்கிறது. இந்த வரிசையில்தான் இந்தச் சோதனையின் அறிவு இருக்கிறது என்பேன். முதலில் அரை ஸ்பூனுக்கு மேல் போகாது. அது சரியாக இறங்கினால் இன்னும் சில ஸ்பூன். பிறகுதான் தண்ணீர்: 3, 5, 10, 20 மில்லி, கடைசியாக 50. அதிலும் தேறினால் காய்ந்த ரொட்டித் துண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து மதிப்பெண்.

வலது பக்கம் செயலிழந்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். எச்சில் கட்டத்தில் 5, கெட்டி நீரில் 5. தண்ணீரில் 3, 5 மில்லி இறங்கிவிட்டன. 10 மில்லியில் இருமினார். 'ஓ' என்று சொல்லச் சொன்னால் குரலில் ஈரம் கொழகொழத்தது. இருமலுக்கும் குரலுக்கும் ஒவ்வொரு மதிப்பெண் போனதால் இந்தக் கட்டத்தில் 3. ரொட்டி கிடையாது. மொத்தம் 13. இவருக்குக் குழைவான உணவும் கெட்டியாக்கிய பானமும் மட்டும்தான். மாத்திரையைப் பொடித்துக் கெட்டியான எதிலாவது கலந்து தர வேண்டும், அதுவும் அந்த மாத்திரையைப் பொடிக்கலாமா என்று கேட்ட பிறகு. ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து பார்க்க வேண்டும். ஒன்பதோ அதற்குக் கீழோ வந்தால் வாய்வழி எதுவும் கிடையாது.

சோதனைக்கும் எல்லை உண்டு. நன்றாக விழுங்கக்கூடிய சிலரையும் இது நிறுத்திவைத்துவிடும். தொண்டைக்குள் நடப்பதை நேரில் காண மூக்குவழிக் கேமரா வேண்டும். காலையில் தேறியவர் மாலையில் தூக்கக் கலக்கமாக இருந்தால் காலை மதிப்பெண்ணை நம்பக் கூடாது.

உங்கள் வீட்டார் யாராவது பக்கவாதத்தோடு வார்டில் இருந்தால், "விழுங்கிப் பார்த்தாச்சா, சிஸ்டர்?" என்று கேளுங்கள். ஆயிற்று என்று அவர் சொல்லும் வரை காபி, இளநீர் மட்டுமல்ல, மாத்திரைக்கான ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.