மொய் நோட்டில் மூன்று சமூகவியலாளர்கள்

கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறார்கள். ஊர், பெயர், தொகை என்று நோட்டு நிரம்புகிறது. அந்த ஒரு நோட்டை வைத்தே சமூகவியலின் மூன்று கருத்துகளுக்குச் சிறுகுறிப்பு எழுதலாம். வரையறை, சொன்ன அறிஞர், எடுத்துக்காட்டு, அது எங்கே பொருந்தாது என்ற நான்கும் இருந்தால் குறிப்பு முழுமை பெறும்.

கொடைப் பரிமாற்றம் – மார்செல் மோஸ்

மனமுவந்து தருவதாகத் தோன்றும் கொடைக்குள் மூன்று கடமைகள் உண்டு: கொடுப்பது, ஏற்பது, திருப்பித் தருவது. பிரான்ஸ் நாட்டு மோஸ் 1925-இல் வெளிவந்த கொடை பற்றிய கட்டுரையில் இதை விளக்கினார். நம் வீட்டில் 500 ரூபாய் எழுதியவரின் பத்திரிகை வந்ததும் பழைய நோட்டைப் புரட்டுகிறோம். 500 வைத்தால் கணக்கு நேராகிறது. 1,000 வைத்தால் அவர் நமக்குத் திருப்பிச் செய்ய வேண்டியவராகிறார், உறவு நீள்கிறது. கடையில் பொருள் வாங்குவது இதற்கு எடுத்துக்காட்டாகாது. காசு கைமாறியதும் அங்கே கடமை தீர்ந்துவிடுகிறது.

வெளிப்படைச் செயல்பாடும் மறைவுச் செயல்பாடும் – ராபர்ட் மெர்ட்டன்

பங்கேற்பவர்கள் எண்ணிச் செய்யும், அறிந்திருக்கும் விளைவு வெளிப்படைச் செயல்பாடு. அவர்கள் எண்ணாமலும் உணராமலும் நிகழும் விளைவு மறைவுச் செயல்பாடு. அமெரிக்கரான மெர்ட்டன் 1949-இல் இதை எழுதியபோது ஹோப்பி பழங்குடியினரின் மழைச் சடங்கைக் காட்டினார். சடங்கால் மழை வராமல் போகலாம். ஆனால் சிதறி வாழும் மக்கள் ஒன்றுகூட, குழுவின் பிணைப்பு உறுதியாகிறது. மொய்யில், மணமக்களுக்கு உதவுவது வெளிப்படை. யார் யார் நம்மவர் என்பது ஊரறிய உறுதியாவது மறைவானது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் பணம் திரட்டுவதற்கென்றே மொய் விருந்து வைக்கிறார்கள். பணம் சேர்வது அங்கே வெளிப்படைச் செயல்பாடு. கேடான விளைவையெல்லாம் மறைவுச் செயல்பாடு என்று எழுதுவதும் தவறு. திருப்பி வைக்க வட்டிக்கு வாங்கி ஒரு குடும்பம் நொடித்தால், அதற்கு மெர்ட்டன் தந்த பெயர் செயற்கேடு.

சமூக மூலதனம் – பியர் பூர்தியூ

நிலையான தொடர்புகள் வழியாக ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய வளமே சமூக மூலதனம். எத்தனை பேரைத் தெரியும் என்பதோடு, அவர்களிடம் என்ன இருக்கிறது என்பதையும் பூர்தியூ கணக்கில் எடுத்தார். கூலித் தொழிலாளியின் நோட்டிலும் மில் முதலாளியின் நோட்டிலும் 300 பெயர்கள் இருக்கலாம். சேரும் தொகை ஒன்றாக இருக்காது. ஆகவே இக்கருத்து ஏற்றத்தாழ்வைப் பற்றியது. ஊர் மக்களிடையே உள்ள நம்பிக்கையையும் ஒத்துழைப்பையும் சமூக மூலதனம் என்றவர் ராபர்ட் பட்னம். இருவரையும் கலந்து எழுதினால் குறிப்பு பிழைபடும்.

எடுத்துக்காட்டு ஒன்றுதான், கேள்விகள் வேறு. ஏன் திருப்பித் தருகிறோம் என்பது மோஸின் கேள்வி. என்ன விளைகிறது என்பது மெர்ட்டனுடையது. யாருக்கு அதிகம் சேர்கிறது என்பது பூர்தியூவுடையது. எந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறோம் என்று பார்த்தால் அறிஞரின் பெயர் மாறிப்போகாது.