வெளிச்சம் முகத்தில் விழட்டும்

புது வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்திலிருந்தே அப்பாவின் தாடைக்குக் கீழே பிளேடு கீறல்கள் தெரிய ஆரம்பித்தன. ஐம்பது வருடங்களாகத் தானே சவரம் செய்துகொள்கிறவர். பிளேடை மாற்றிப் பார்த்தார், சோப்பை மாற்றிப் பார்த்தார். கீறல் இல்லாத நாட்களில் கழுத்தோரம் நாலைந்து நரைமுடி மிச்சம் நின்றது. வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று அவரே முடிவுக்கு வந்துவிட்டார். நான் ஒருநாள் அதே கண்ணாடி முன் நின்று முகவாயைத் தூக்கிப் பார்த்தேன். தாடைக்கு அடியில் எனக்கும் எதுவும் தெரியவில்லை. அந்த இடம் முழுக்க இருட்டு. அவர் இத்தனை நாளும் தடவிப் பார்த்தே சவரம் செய்திருக்கிறார்.

பாத்ரூமில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. வாஷ்பேசினுக்கு மேலே கண்ணாடி, அதற்கும் மேலே ஏழடி உயரத்தில் ஒரு ட்யூப்லைட். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருக்கிற அமைப்பு இதுதான். கோளாறு வெளிச்சத்தின் அளவில் இல்லை, அது வருகிற திசையில் இருந்தது.

அப்பாவின் கண்கள் தரையிலிருந்து சுமார் ஐந்தடி உயரத்தில் இருக்கின்றன. விளக்கு அதைவிட இரண்டடி மேலே. கண்ணாடியிலிருந்து ஒன்றேகால் அடி தள்ளி நின்றால், வெளிச்சம் ஏறக்குறைய 60 டிகிரி சாய்வில் மேலிருந்து இறங்குகிறது. நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் கன்னத்து மேட்டிலும் அது நன்றாக விழும். புருவ எலும்பு கண்குழியை மறைக்கும். மூக்கு மேலுதட்டை மறைக்கும். தாடை தன் அடிப்பகுதியையும் கழுத்தையும் மறைத்துவிடும். சரியாகத் தெரியவில்லையே என்று நாம் என்ன செய்வோம்? கண்ணாடியை நெருங்குவோம். அங்கேதான் சிக்கல் கூடுகிறது. முகத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி எட்டு அங்குலமாகக் குறைந்தால், அதே விளக்கு இப்போது 70 டிகிரிக்கும் மேலே, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக வந்துவிடுகிறது. நெருங்க நெருங்க நிழல் நீள்கிறது.

படுக்கையறையில் பீரோ கண்ணாடி முன் நின்று அலங்காரம் செய்துகொள்கிறவர்களுக்கு இதன் மறுபக்கம் நேர்கிறது. அங்கே விளக்கு பெரும்பாலும் எதிர்ச்சுவரில், அதாவது நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண்ணாடியில் விளக்கு பளிச்சென்று தெரியும், முகம் மட்டும் மங்கலாக இருக்கும். கண்ணாடி தன்னிடம் வரும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். முகத்தில் வெளிச்சம் படாவிட்டால் அதற்குக் காட்ட ஒன்றுமில்லை. ஆகவே விளக்கு முகத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

கிராமத்தில் தாத்தா ஜன்னல் கம்பியில் சிறு கண்ணாடியை மாட்டிவிட்டு, வெளியே பார்த்தபடி நின்று சவரம் செய்வார். ஜன்னல் முழுவதும் அவருக்கு விளக்காக இருந்தது. கண்ணாடியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் மேலும் கீழும் ஒரே சமயத்தில் வெளிச்சம் வந்தது. ஒளி வருகிற இடம் பெரிதாக இருந்தால், ஒரு மூலையிலிருந்து வரும் ஒளி மறைபட்டாலும் இன்னொரு மூலையிலிருந்து வருவது அந்த இடத்தை எட்டிவிடும். நிழலின் விளிம்பு கரைந்துவிடும். சிறிய பல்பு ஒன்று மட்டும் எரிந்தால் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழும். ஜன்னல் செய்த வேலையை இரண்டு விளக்குகளால் செய்ய முடியும்.

அப்பாவின் கண்ணாடி இரண்டடி அகலம். அதன் இரு ஓரங்களிலிருந்தும் மூன்று அங்குலம் தள்ளி, இரண்டடி நீள எல்.இ.டி. பேட்டன் இரண்டை நெட்டுக்குத்தாக மாட்டினோம். இரு விளக்குகளுக்கும் நடுவே முப்பது அங்குலம். ஒன்றரை அடி தள்ளி நின்றால் இரு பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய 40 டிகிரி சாய்வில் வெளிச்சம் வருகிறது. இடப்பக்க விளக்கு மூக்கின் வலப்பக்கத்தில் போடும் நிழலை வலப்பக்க விளக்கு அழித்துவிடுகிறது. விளக்குகளை ஐந்தாறு அடி இடைவெளிவிட்டு மாட்டினால் காதோரம் பளிச்சென்றும் முகத்தின் நடுப்பகுதி மங்கியும் போகும். அகலமான கண்ணாடி வைத்திருப்பவர்கள் விளக்கை அதன் ஓரத்தில் மாட்டி ஏமாறுவது இங்கேதான். அவர்கள் கண்ணாடியின் மேலேயே, தாங்கள் நிற்கும் இடத்துக்கு இரு பக்கமும் வருமாறு பொருத்தினால் நல்லது.

உயரமும் முக்கியம். விளக்கின் நடுப்பகுதி கண்மட்டத்தில், தரையிலிருந்து ஐந்தடியில் வருமாறு வைத்தோம். அப்படியானால் மேல்முனை ஆறடி, கீழ்முனை நாலடி. அப்பாவின் முகவாய் நாலடி ஏழு அங்குலத்தில் இருக்கிறது. விளக்கின் கடைசி ஏழு அங்குலம் முகவாய்க்கும் கீழே இருப்பதால், அங்கிருந்து வரும் வெளிச்சம் மேல்நோக்கிச் சென்று தாடையின் அடியைத் தொடுகிறது. செலவைக் குறைக்க ஒரு அடி விளக்கு வாங்கியிருந்தால் இது கிடைத்திருக்காது. அம்மா அப்பாவைவிடக் குள்ளம், நான் உயரம். இரண்டடி நீளம் இருப்பதால் மூன்று பேருக்குமே பொருந்துகிறது.

அப்படியும் கழுத்தோரம் லேசாக மங்கியே இருந்தது. காரணம் வாஷ்பேசின் பதித்திருந்த கறுப்பு கிரானைட். கீழே விழும் வெளிச்சத்தை அது விழுங்கிவிடுகிறது. சவரம் செய்யும்போது அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வைக்கச் சொன்னேன். துண்டில் பட்ட ஒளி மேலே எழும்பி, மிச்சமிருந்த இருட்டையும் போக்கிவிட்டது. வெள்ளைக் கல் பதித்த வீடுகளில் இதற்குத் தேவையே இருக்காது.

பழைய ட்யூப்லைட்டைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் அதற்குத் தனி ஸ்விட்ச் இருக்க வேண்டும். பக்க விளக்குகளைவிட அது பிரகாசமாக இருந்தால் பழைய நிழல்கள் திரும்ப வந்துவிடும். சவரத்தின்போது அதை அணைத்துவிடலாம்.

இனி விளக்கை வாங்கும்போது கவனிக்க வேண்டியது. பத்து வாட் அளவுள்ள இரண்டடி பேட்டன் சுமார் ஆயிரம் லூமென் வெளிச்சம் தரும். இரண்டு போட்டால் சின்ன பாத்ரூமுக்குத் தாராளம். அதற்குமேல் போனால் கண் கூசும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையும் நுணுக்கமாகப் பார்க்க முடியாது. உள்ளே இருக்கும் எல்.இ.டி. புள்ளிகள் வெளியே தெரியாதபடி பால்போன்ற வெள்ளை மூடி போட்டதாக வாங்க வேண்டும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கண் கூசுவதும் கூடும்.

சவரத்துக்கு இவ்வளவு போதும். அலங்காரத்துக்கு நிறமும் பார்க்க வேண்டும். விளக்கு அட்டைப்பெட்டியில் 3000, 4000, 6500 என்று கெல்வின் அளவு போட்டிருப்பார்கள். 3000 மஞ்சள் சாயும். 6500 நீலம் சாயும். நடுவில் இருக்கும் 4000 முகத்துக்கு ஏற்றது. இரண்டு விளக்கும் ஒரே அளவாக, முடிந்தால் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். ஒன்று மஞ்சளாகவும் ஒன்று வெள்ளையாகவும் இருந்தால் இரு கன்னத்துக்கும் இரு நிறம் தெரியும், பவுண்டேஷனை எந்தக் கன்னத்துக்குப் பொருத்துவது என்று புரியாது.

அதே பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று இன்னொரு எண் இருக்கும். நிறங்களை அந்த விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது. சாதாரண விளக்குகளில் 80 இருக்கும், அலங்காரக் கண்ணாடிக்கு 90 அல்லது அதற்குமேல் தேடி வாங்குவது நல்லது. வெள்ளை எல்.இ.டி. என்பது பெரும்பாலும் நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசியது. மலிவான விளக்குகளில் அடர்சிவப்பு குறைவாக இருக்கும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் உயிர் கொடுப்பது அந்தச் சிவப்புதான். அது குறைந்தால் முகம் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அதைச் சரிசெய்ய நினைத்து ரூஜும் லிப்ஸ்டிக்கும் கூடுதலாகப் பூசிக்கொண்டு வெயிலில் போய் நின்றால், அப்போதுதான் அதிகமாகிவிட்டது தெரியும்.

கடைகளில் விற்கும் எல்.இ.டி. கண்ணாடிகளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலவற்றில் விளக்கு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். வெளிச்சம் சுவரில் பரவி ஒளிவட்டம்போல் அழகாகத் தெரியும், முகத்துக்கு வருவது கொஞ்சமே. முன்பக்கம் மங்கலாக்கிய பட்டை வழியே ஒளி வருகிற வகைதான் உதவும். வாங்கும் முன் அதன் முன்னே நின்று முகவாயைத் தூக்கித் தாடையின் அடியைப் பாருங்கள், அந்தக் கண்ணாடியின் தரம் உடனே தெரிந்துவிடும்.

பாத்ரூமில் மின்சார வேலை என்பதால் எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். எம்.சி.பி.யை அணைத்துவிட்டு வேலை நடக்கட்டும். அந்த இணைப்பு ஆர்.சி.சி.பி. வழியாக வருகிறதா, இரும்பு உடல் கொண்ட விளக்கானால் எர்த் கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். வாஷ்பேசின் அருகே நீர்த்துளி தெறிக்கும், அதனால் ஐ.பி.44 அல்லது அதற்கு மேற்பட்ட பாதுகாப்பு உள்ள விளக்குதான் வேண்டும். ஷவர் தண்ணீர் நேராகப் படும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

விளக்கு போட்ட மறுநாள் காலை அப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வெளியே வந்தார். கழுத்தைத் தடவிக்காட்டி, "கை நடுங்கலைடா, கண்ணுக்குத்தான் தெரியாம இருந்திருக்கு" என்றார்.

உங்கள் வீட்டிலும் டைல்ஸில் துளை போடும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். முகம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை முட்டையைப் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். அதன் அடிப்பாதி இருண்டிருந்தால் உங்கள் தாடையும் அப்படித்தான் இருக்கிறது. பிறகு மேல்விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் இரண்டு பேரைக் கண்ணாடியின் இருபுறமும் நிற்கவைத்து, செல்போன் டார்ச்சின் முன்னே ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கண்மட்டத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். முட்டையின் இரு பக்கமும் ஒன்றுபோல் வெளுத்து, அடியிலிருந்த கறுப்பு குறைகிற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு வர வேண்டிய இடம் அதுதான்.