வீட்டிலிருந்து டேலி: ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் புது அறிவிப்பு

'வரும் ஒன்றாம் தேதி முதல் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அலுவலகம் தரும் லேப்டாப்பில், வி.பி.என். வழியாக மட்டுமே சர்வருக்குள் வர வேண்டும். சொந்தக் கம்ப்யூட்டர் கூடாது. ஒருவருடைய வி.பி.என். ஃபைலை இன்னொருவருக்கு அனுப்பக் கூடாது. லேப்டாப் தொலைந்தால், எந்த நேரமானாலும் எனக்கு போன் செய்யவும்.'

மதுரையில் ஒன்பது பேர் வேலை பார்க்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது இது. மறுநாள் காலையே ஒருவர் கேட்டுவிட்டார்: "சார், எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல இத்தனை நாள் நல்லாத்தானே ஓடுச்சு?"

ஓடியது உண்மைதான். எப்படி ஓடியது என்பதில்தான் சிக்கல். கொரோனா ஊரடங்கில் அவசரத்துக்கு, சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பை அலுவலக ரவுட்டர் வழியாக இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வாசலுக்கு 3389 என்று எண். உலகம் முழுக்க அதே எண்தான் என்பதால், திறந்திருக்கும் 3389 வாசல்களைத் தேடித் திரிவதற்கென்றே நிரல்கள் உண்டு. கண்ணில் பட்டதும் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். சர்வரின் பதிவேட்டைத் திறந்தபோது, தோற்றுப்போன நுழைவு முயற்சிகள் பக்கம் பக்கமாக இருந்தன. 'administrator', 'admin', 'tally' என்று யாரோ இரவெல்லாம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒன்று பலித்திருந்தால் அத்தனை கட்சிக்காரர்களின் கணக்கும் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்டு ஒரு குறிப்பு திரையில் வந்திருக்கும்.

வி.பி.என். வந்ததும் அந்த வாசல் மூடப்பட்டது. இந்த அலுவலகம் தேர்ந்தெடுத்தது வயர்கார்டு. சரியான சாவி இல்லாமல் தட்டுகிறவர்களுக்கு அது பதிலே சொல்லாது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே கதவு இருப்பதே தெரியாது.

அந்தச் சாவி ஊழியரின் மனதில் இருக்கும் பாஸ்வேர்டு அல்ல, லேப்டாப்பில் கிடக்கும் ஒரு சிறு ஃபைல். அறிவிப்பின் கட்டுப்பாடுகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால் சாவியும் சேர்ந்து போகும். அதனால்தான் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதியுள்ள விண்டோஸ் 11 ப்ரோ லேப்டாப்புகளை அலுவலகமே வாங்கித் தருகிறது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. பிள்ளைகள் கேம் இறக்கி விளையாடும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டரில் கிருமி புகுந்திருந்தால், வி.பி.என். அதையும் தடுக்காது. பாதுகாப்பான அதே குழாய் வழியாக அதுவும் சர்வரை எட்டிவிடும்.

ஃபைலைப் பகிர்ந்தால் என்ன ஆகும்? ஒரே சாவியோடு இரண்டு பேர் இணைந்தால், கடைசியாகப் பேசியவரின் இடத்தையே சர்வர் அவருடைய முகவரியாக எடுத்துக்கொள்ளும். தொடர்பு இருவருக்கும் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கும். 'நெட் சரியில்லை' என்று இரண்டு பேரும் புலம்புவார்கள், காரணம் யாருக்கும் பிடிபடாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய சாவியை மட்டும் நீக்கவும் வழி இருக்காது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் பல நாட்கள் நின்றது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு நீக்கப்படாமல் கிடந்ததால்தான். இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் இல்லாத அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு ஒன்றே திருடர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

முதல் வாரத்தில் அதிகம் வந்த புகார், "ஆக்டிவ்னு காட்டுது, ஆனா டேலி வரலை" என்பது. வயர்கார்டில் பச்சை விளக்கை மட்டும் நம்பக் கூடாது. இணைப்பு கிடைக்காவிட்டாலும் அது ஆக்டிவ் என்றே காட்டும். கீழே `Latest handshake` என்ற வரி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் சர்வரோடு பேச்சே தொடங்கவில்லை. வரி இருந்தும் டேலி வராவிட்டால் முகவரி மோதலாக இருக்கலாம். பல வீட்டு ரவுட்டர்கள் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தருகின்றன. அலுவலகத்திலும் அதுவே இருந்ததால், கம்ப்யூட்டர் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடியது. அலுவலக முகவரிகளை மாற்றி, ஊழியர்களின் ஃபைலில் இந்த வரியைப் போட்டதும் தீர்ந்தது:

```
AllowedIPs = 192.168.77.0/24
```

அலுவலக சர்வருக்கான போக்குவரத்து மட்டும் வி.பி.என். வழியே போகட்டும், மற்றதெல்லாம் வீட்டு இணையத்திலேயே போகட்டும் என்பது இதன் பொருள். "நான் யூடியூப் பார்க்கிறது சாருக்குத் தெரியுமா?" என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: அது அலுவலகம் வழியாகப் போவதே இல்லை.

இப்படி ஓர் அறிவிப்பு எழுதப்போகும் முதலாளிகள் இந்தக் கடைசி விஷயத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். லேப்டாப்பைத் தொலைத்தவரைத் திட்ட மாட்டோம் என்றும் எழுதுங்கள். பயந்துபோய் மூன்று நாள் மறைத்தால், அந்த மூன்று நாளும் சாவி வெளியில் இருக்கும். அன்றிரவே சொன்னால், சர்வரில் ஒரு பதிவை நீக்க ஐந்து நிமிடம் போதும்.